பாடமா, புரொஜெக்டா, நாலு வரியா? அனுபவம் இல்லாத இறுதியாண்டு மாணவரின் இன்டர்ன்ஷிப் மின்னஞ்சல்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை, வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பம் இறுதியாண்டு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தையில் இருந்தாள்.

"அண்ணா, பதினெட்டுக் கொம்பனிக்கு மெயில் போட்டிட்டன். ஒருத்தரும் பதில் போடேல்லை. எனக்கு வேலை அனுபவம் ஒண்டும் இல்லைத்தானே, அப்ப என்னத்தை எழுதிறது? படிச்ச பாடங்களைப் போடுறதோ, புரொஜெக்டைப் போடுறதோ, இல்லாட்டி ஒண்டும் எழுதாமல் சிவியை மட்டும் அனுப்புறதோ?"

நான் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இன்டர்ன் எடுக்கும் காலங்களில் வரும் மின்னஞ்சல்களை முதலில் வடிகட்டும் இரண்டு பேரில் நான் ஒருவன். அவள் கேட்டதையே கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கும் இரண்டு தம்பிமாரும் பிறகு கேட்டார்கள். ஆளாளுக்குச் சொல்வதை விட ஒருமுறை எழுதிவிடலாம் என்று தோன்றியது. மின்னஞ்சல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே உள்ளடக்கத்தை மட்டும் தமிழில் தருகிறேன். மொழிபெயர்ப்பது உங்கள் வேலை.

## எதை வைத்து அளப்பது

வழிகளைப் பார்க்க முன்னர் அளவுகோலைச் சொல்லவேண்டும். நான் நாலு விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, கைபேசியின் முதல் திரை. இப்படியான மின்னஞ்சல்களில் பாதியை நான் பஸ்ஸில்தான் பார்க்கிறேன். திறக்க முன்னர் தெரிவது அனுப்பியவர் பெயர், தலைப்பு, உள்ளே இருந்து ஒன்றரை வரி. திறந்த பிறகு, விரலால் தள்ளாமல் தெரிவது ஒரு திரை. அந்த ஒரு திரைக்குள் ஆள் யார், என்ன செய்தவர் என்பது வந்துவிடவேண்டும்.

இரண்டாவது, சொன்னதைச் சரிபார்க்க முடியுமா. "விரைவாகக் கற்றுக்கொள்வேன்" என்பதை நான் எங்கே போய்ப் பார்ப்பது?

மூன்றாவது, நேர்முகத்தில் அது தாங்குமா. மின்னஞ்சலில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கேள்வியை வரவழைக்கும். அனுபவம் இல்லாதவர் எழுதும் மின்னஞ்சல் உண்மையில் தன் நேர்முகக் கேள்வித்தாளைத் தானே எழுதுவது போன்றது. இதைப் பலர் யோசிப்பதில்லை.

நாலாவது, உழைப்பு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எவ்வளவு மாற்றி எழுதவேண்டும், அனுப்ப முன்னர் எவ்வளவு ஆயத்தம் வேண்டும். இறுதியாண்டில் ஆய்வு, பரீட்சை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்போது இதுவும் ஒரு செலவுதான்.

## முதல் வழி: நாலு வரியும் சிவியும்

"நான் இன்ன மாணவர், இன்டர்ன்ஷிப் தேடுகிறேன், சிவி இணைத்திருக்கிறேன், நன்றி." அவ்வளவுதான். எழுத ஐந்து நிமிடம். நாற்பது இடத்துக்கு அனுப்பலாம்.

முதல் திரையில் ஒன்றும் இல்லை என்பதுதான் இதன் குறை. ஆளைத் தெரிந்துகொள்ள நான் இணைப்பைத் திறக்கவேண்டும், கைபேசியில் அது இறங்கவேண்டும், பெருப்பித்துப் பார்க்கவேண்டும். `CV_final_new2.pdf` என்ற பெயரில் வந்தால் பிறகு தேடி எடுக்கவும் முடியாது. "பிறகு பார்ப்போம்" என்று விட்ட மின்னஞ்சலுக்கு நான் திரும்பி வந்தது குறைவு. நேர்மையாகச் சொல்கிறேன்.

ஆனால் இதுவே சரியான வழியாகும் சமயம் ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் தொழில் வழிகாட்டல் அலகு பட்டியலாக அனுப்பச் சொல்லும்போதும், விளம்பரத்தில் "இந்த இலக்கத்தைத் தலைப்பில் போட்டு சிவியை மட்டும் அனுப்பவும்" என்று இருக்கும்போதும் நீங்கள் எழுதும் பந்தியை ஒருவரும் வாசிக்கப்போவதில்லை. அங்கே புரொஜெக்டை விவரித்து நேரத்தை விடாதீர்கள். அதைச் சிவியின் முதல் பாதிக்குள் கொண்டுபோங்கள்.

## இரண்டாம் வழி: பாடங்களை முன்வைப்பது

பிள்ளை அனுப்பியது இந்த வகைதான். அவளுடைய பழைய மின்னஞ்சல் கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

> மதிப்புக்குரிய ஐயா/அம்மணி, நான் வவுனியாப் பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவி. உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் இன்டர்னாகச் சேர மிகுந்த ஆவலாய் இருக்கிறேன். எனக்கு வேலை அனுபவம் இல்லாவிட்டாலும் விரைவாகக் கற்றுக்கொள்ளக்கூடியவள். தரவுத்தள முறைமைகள், மென்பொருள் பொறியியல், இணைய நிரலாக்கம், கணினி வலையமைப்பு, இயங்கு தளங்கள், மென்பொருள் சோதனை ஆகிய பாடங்களைக் கற்றிருக்கிறேன்.

பிழையான வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் அதே வகுப்பில் படிக்கும் எல்லாரும் இதே ஆறு பாடங்களைப் படித்தவர்கள். அவர்களில் பலர் எனக்கும் எழுதியிருக்கிறார்கள். பட்டியலை வைத்து ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிக்க முடியாது. அதோடு "வேலை அனுபவம் இல்லாவிட்டாலும்" என்று தொடங்கும் வாக்கியம், நான் கேட்காத குறையை முதல் திரையிலேயே கொண்டுவந்து வைக்கிறது. இறுதியாண்டு மாணவருக்கு அனுபவம் இருக்காது என்று தெரிந்துதான் இன்டர்ன்ஷிப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு நேர்முகத்தில்தான் தெரியும். "கணினி வலையமைப்பு கற்றிருக்கிறேன்" என்று எழுதினால், இரண்டு வருடத்துக்கு முன் முடித்த பாடத்திட்டம் முழுவதும் கேள்விக்குத் திறந்துவிடும். எங்கிருந்தும் கேட்கலாம். ஆறு பாடத்தை எழுதினால் ஆறு பாடத்தையும் திரும்பப் படித்துக்கொண்டுதான் போகவேண்டும். குறைந்த பெறுபேறு எடுத்த பாடத்தையும் பெருமையாகப் போட்டுவிட்டு, பிறகு பெறுபேற்றுத் தாளை நீட்டும்போது முகம் மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் பாடங்களே வேண்டாமா? வேண்டும். சில இடங்களில் அவைதான் முன்னுக்கு நிற்கவேண்டும். குழு புரொஜெக்டில் உங்கள் பங்கு மெலிதாக இருந்தால், அல்லது ஆய்வு இன்னும் பாதியில் நின்றால், அல்லது நீங்கள் கேட்கும் வேலை ஒரு பாடத்தின் செய்முறையோடு நேரே பொருந்தினால் பாடத்தை முன்வையுங்கள். மென்பொருள் சோதனைப் பிரிவுக்கு எழுதுகிறவருக்குச் சோதனைப் பாடம் புரொஜெக்டை விடப் பெரிது. அறிவியல் நகரில் விவசாயம் படிக்கும் ஒருவர் மண், நீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்துக்கு எழுதினால், அங்கே அவர்கள் அறிய விரும்புவது கிணற்றுநீரின் மின்கடத்துதிறனைக் கையால் அளந்திருக்கிறாரா, கருவியை அளவு திருத்தத் தெரியுமா என்பதுதான்.

எழுதும் முறை மட்டும் மாறவேண்டும். பாடத்தின் பெயரோடு நிற்காமல், அந்தப் பாடத்தில் கையால் செய்த ஒரு செய்முறையையும் அதில் வந்த ஒரு முடிவையும் சொல்லுங்கள். இதே பிள்ளையிடம் சோதனைப் பாடத்தில் என்ன செய்தீர் என்று கேட்டேன். நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுக்கும் மென்பொருளுக்கு நாற்பது சோதனைகள் எழுதினாளாம். அதில் ஒன்று, திருப்பிக் கொடுக்கவேண்டிய நாள் போயாவில் விழுந்தால் என்ன ஆகும் என்பது. நூலகம் பூட்டியிருந்தும் மென்பொருள் தண்டம் போட்டது. "மென்பொருள் சோதனை கற்றிருக்கிறேன்" என்பதை விட இந்த ஒரு போயா நாள் எனக்கு அவளைப் பற்றி அதிகம் சொல்லிவிட்டது. குறியீட்டு எண்ணோடு பாடங்களைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த எண் உங்கள் பீடத்து அலுவலகத்தைத் தவிர வேறு ஒருவருக்கும் விளங்காது.

புள்ளிச் சராசரியை எழுதுவதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பொதுவாக 3.30க்கு மேல் இருந்தால் எழுதலாம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவின் எல்லை பெரும்பாலும் அதுதான். கீழே இருந்தால் மின்னஞ்சலில் விட்டுவிடுங்கள், கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

## மூன்றாம் வழி: ஒரு புரொஜெக்டை முன்வைப்பது

"சரி, புரொஜெக்ட் என்ன?" என்று கேட்டேன்.

"கமக்காரர் அமைப்புக்கு ஒரு சிஸ்டம் செய்தனாங்கள் அண்ணா. நாலு பேர். வெப்சைட், லொகின், ரிப்போர்ட் எல்லாம் இருக்கு."

"அந்த நாலு பேரிலை நீர் செய்தது எது?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னது இது. வன்னியில் காலபோகம் மழையை நம்பி எல்லாரும் விதைப்பது. சிறுபோகத்துக்குக் குளத்தில் மிஞ்சிய தண்ணீரைப் பார்த்து, இந்தமுறை இத்தனை ஏக்கர்தான் என்று கூட்டத்தில் முடிவெடுத்து, அதை உறுப்பினர்களுக்குப் பங்கு பிரிப்பார்கள். பங்குப் பட்டியல் கொப்பியில் இருந்தது, அதுவும் இரண்டு கொப்பி. இரண்டையும் கணினியில் ஏற்றியபோது 212 பெயர் வந்தது. தலைவர் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேர் எங்களிட்டை இல்லையே பிள்ளை" என்றார். பெயரை வைத்துத் தேடிப் பார்த்தார்கள். ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உள்ளவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர், ஆகவே பெயர் உதவவில்லை. அடையாள அட்டை இலக்கத்தை வைத்துப் பார்த்தாலும் எல்லாம் வேறுவேறாகத்தான் இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தது இவள். பழைய கொப்பியில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும் கொண்ட பழைய அட்டை இலக்கம். பிறகு வந்த கொப்பியில் சிலர் பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டையைக் கொடுத்திருந்தார்கள். ஆள் ஒன்று, இலக்கம் இரண்டு, தண்ணீர்ப் பங்கும் இரண்டு! பழையதைப் புதியதாக மாற்றுவது கடினமில்லை. கடைசி எழுத்தை எடுத்துவிட்டு, முன்னுக்கு 19 போட்டு, பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பிறகு ஒரு சுழியத்தைச் செருகினால் போதும். `851234567V` என்று வைத்துக்கொண்டால் `198512304567` என்று வரும். அவள் எழுதியது இவ்வளவுதான்:

```python
def nic_12(n):
    n = n.strip().upper()
    if len(n) == 10 and n[-1] in "VX":
        return "19" + n[:5] + "0" + n[5:9]
    return n
```

இதை ஓடவிட்ட பிறகு 212 பெயர் 187 ஆனது.

"இதை ஏன் மெயிலிலை எழுதேல்லை?" என்று கேட்டால், "இது சின்ன விஷயம்தானே அண்ணா, அஞ்சு வரி" என்கிறாள். லொகின் இருக்கிறது, ரிப்போர்ட் இருக்கிறது என்பதைப் பெரிதாக நினைத்திருக்கிறாள். எனக்கு வரும் எல்லாப் புரொஜெக்டிலும் லொகின் இருக்கிறது. ஒரு தரவில் ஏன் பிழை வந்தது என்று தேடிப் போய், காரணத்தைப் பிடித்து, எண்ணிக்கையால் காட்டியவர்கள் குறைவு.

அளவுகோலில் வைத்துப் பாருங்கள். முதல் திரையில் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். நிரலைத் திறந்து சரிபார்க்கலாம். நேர்முகத்தில் கேள்விகள் அவளுக்குத் தெரிந்த இடத்தைச் சுற்றியே வரும், ஏனென்றால் கேட்கிறவருக்கும் அது சுவாரசியமாக இருக்கும். ஆறு பாடம் திறந்துவிடும் பெரிய வெளியை ஒரு புரொஜெக்ட் வேலி போட்டுச் சுருக்கிவிடுகிறது.

ஆனால் மூன்று வழியிலும் மறைமுகச் செலவு கூடியது இதுதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

முதல் செலவு, உங்கள் பங்கு. மின்னஞ்சலில் லிங்க் கொடுத்தால் நான் திறப்பேன். கிட்ஹப்பில் யார் எத்தனை முறை நிரலை ஏற்றினார்கள் என்பது அப்படியே தெரியும். இறக்கி எடுத்து `git shortlog -sn` என்று அடித்தால் ஒரு நொடியில் பட்டியல் வந்துவிடும். எங்கள் பக்கத்தில் நடப்பது என்னவென்றால், நாலு பேரில் ஒருவரிடம்தான் நல்ல மடிக்கணினி, ஒருவரின் அறையில்தான் சிக்னல். எல்லாரும் அங்கே கூடி, அவருடைய கணக்கிலிருந்தே எல்லாம் ஏறும். இந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு பதிவுகூட இல்லை. வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு, செய்யாத வேலையைச் சொல்கிறாள் என்றுதான் படும். இதைச் சரிக்கட்ட வரலாற்றை மாற்றி எழுதத் தேவையில்லை, எழுதவும் கூடாது. "நாங்கள் ஒரே கணினியில் வேலை செய்ததால் பதிவுகள் குழுத் தோழரின் பெயரில் இருக்கின்றன, நான் எழுதியது இந்தக் கோப்பு" என்று விளக்கக் கோப்பின் மேலேயே இரண்டு வரி எழுதினால் போதும்.

இரண்டாவது செலவு இன்னும் பெரியது. அவளுடைய லிங்கைத் திறந்து பார்த்தேன். நிரலோடு சேர்த்து, 212 வரியும் கொண்ட கோப்பு உள்ளே கிடந்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, காணி அளவு எல்லாம். உலகத்தில் யாரும் பார்க்கலாம். அடையாள அட்டை இலக்கத்திலிருந்து ஒருவரின் பிறந்த நாளையும் ஆணா பெண்ணா என்பதையும் எடுத்துவிடலாம். பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டியிருக்கும். இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நம்பிக் கொப்பியைக் கொடுத்த தலைவரின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அவள் உடனே கோப்பை அழிக்கப் போனாள். நிறுத்தினேன். இன்று அழித்தால் இன்றைய பக்கத்தில்தான் இல்லாமல் போகும், பழைய பதிவுகளில் அப்படியே இருக்கும். தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள `.env` கோப்புக்கும் இதே கதைதான். ஆகவே பழையதைத் தனிப்பட்டதாக மாற்றி, குழுவுக்கும் சொல்லி, புதிதாக ஒரு களஞ்சியம் திறந்து, தான் எழுதிய பகுதியையும் கற்பனையாக உருவாக்கிய இருபது பெயர்களையும் மட்டும் அதில் போட்டாள். எது எப்படி வேலை செய்கிறது என்று பத்து வரி விளக்கமும் எழுதினாள். இதற்கு முழுதாக ஒரு பின்னேரம் போனது. இந்த வழியின் உண்மையான விலை அந்தப் பின்னேரம்தான். மின்னஞ்சல் எழுதுவது அரைமணி நேர வேலை.

## ஒரே பார்வையில்

| | நாலு வரியும் சிவியும் | பாடங்கள் முன்னே | புரொஜெக்ட் முன்னே |
|---|---|---|---|
| முதல் திரை | வெறுமை | பட்டியலானால் எல்லாரையும் போல. செய்முறையானால் நன்று | ஆள் உடனே தெரிவார் |
| சரிபார்ப்பு | சிவியைத் திறந்தால்தான் | பெறுபேற்றுத் தாள் மட்டும் | லிங்கைத் திறந்து பார்க்கலாம் |
| நேர்முகம் | எங்கிருந்தும் கேட்கலாம் | பாடத்திட்டம் முழுவதும் | புரொஜெக்டைச் சுற்றி |
| ஆயத்தம் | ஐந்து நிமிடம் | ஒரு மணி நேரமும் மீள்படிப்பும் | ஒரு பின்னேரம் |
| மறைந்திருக்கும் ஆபத்து | வாசிக்கப்படாமல் போவது | குறைந்த பெறுபேறு வெளிப்படுவது | குழுப்பங்கு, பிறர் தரவு |
| பொருந்தும் இடம் | பட்டியலாக எடுக்கும் நிறுவனம் | சோதனை, ஆய்வுகூடம், மெலிந்த குழுப்பங்கு | சின்ன, நடுத்தர மென்பொருள் நிறுவனம் |

## அவளுக்கு எது

அவள் கேட்டது நிரலாளர் இடம், எழுதியது பெரும்பாலும் ஐம்பது நூறு பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. அங்கே மின்னஞ்சலை வேலை செய்கிறவர்களே வாசிப்பார்கள். ஆகவே புரொஜெக்டை முன்னே வைத்து, அதற்குக் கீழே நிற்கும் இரண்டு பாடத்தை மட்டும் சேர்க்கச் சொன்னேன். மற்ற நாலும் சிவிக்குள் போகட்டும். பாடம் புரொஜெக்டுக்குச் சாட்சியாக நின்றால் போதும், தனியே நிற்கத் தேவையில்லை. தலைப்பு: "இன்டர்ன்ஷிப் விண்ணப்பம், நிரலாளர், ஜூன் முதல் ஆறு மாதம், வவுனியாப் பல்கலைக்கழகம்". உள்ளே இப்படி வந்தது:

> வணக்கம். நான் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பம் இறுதியாண்டு படிக்கிறேன். ஜூன் முதல் ஆறு மாத இன்டர்ன்ஷிப் தேடுகிறேன்.
>
> நாலு பேர் கொண்ட குழுவாக, ஒரு கமக்காரர் அமைப்பின் தண்ணீர்ப் பங்குப் பதிவேட்டைக் கணினிமயப்படுத்தினோம். உறுப்பினர் தரவைச் சுத்தப்படுத்துவது என் பொறுப்பு. பழைய, புதிய அடையாள அட்டை இலக்கங்களால் ஒரே ஆள் இருமுறை பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்து, இலக்கத்தை ஒரே வடிவத்துக்கு மாற்றும் நிரலை எழுதினேன். 212 பதிவுகள் 187 ஆகின. நிரல், கற்பனைத் தரவோடு, கீழுள்ள லிங்கில் இருக்கிறது.
>
> இதற்குத் தரவுத்தளப் பாடமும் மென்பொருள் சோதனைப் பாடமும் துணைநின்றன. சோதனைப் பாடத்தில் நூலக மென்பொருள் ஒன்றுக்கு 40 சோதனைகள் எழுதினேன்.
>
> உங்கள் நிறுவனம் வாடிக்கையாளர் பதிவு முறைமைகள் செய்வதை இணையத்தளத்தில் பார்த்தேன். இதே வகைச் சிக்கல் அங்கும் வரும் என்று நினைக்கிறேன். ஜூன் முதல் கொழும்பில் தங்கி முழுநேரமாக வேலை செய்ய முடியும். சிவி இணைத்திருக்கிறேன்.

கடைசிப் பந்தியின் முதல் இரண்டு வாக்கியம் மட்டும்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை வெட்டி ஒட்டாமல் கையால் அடியுங்கள். நிறுவனத்தின் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில், சாம்பல் நிறத்தில் வந்து விழும் மின்னஞ்சல்கள் எனக்கு வாரத்துக்குக் குறைந்தது இரண்டு வரும்.

கொழும்பில் தங்குவேன் என்ற வரியைப் பற்றி. சிவியில் முல்லைத்தீவு விலாசத்தைப் பார்த்ததும் வாசிக்கிறவர் மனதில் எழும் கேள்வி, இவர் வருவாரா என்பதுதான். ஆனால் அதைக் கேட்டு உங்களுக்கு ஒருவரும் எழுதமாட்டார்கள், அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுவார்கள். ஆகவே நீங்களே சொல்லிவிடவேண்டும். வீட்டில் கதைத்து, தங்குமிடச் செலவைக் கணக்குப் பார்த்த பிறகுதான் அந்த வரியை எழுதவேண்டும் என்பதும் உண்மை. கொடுப்பனவு இல்லாத இன்டர்ன்ஷிப்பும் இருக்கிறது. அறை வாடகையும் சாப்பாடும் யார் பொறுப்பு என்று தெரியாமல் "முடியும்" என்று எழுதிவிட்டு, பிறகு பின்வாங்கினால் அடுத்த வருடம் உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் தங்கச்சிக்கும் அது வந்து இடிக்கும். கொடுப்பனவு எவ்வளவு என்பதை முதல் மின்னஞ்சலில் கேட்கவேண்டாம், நேர்முகத்துக்கு அழைத்த பிறகு தாராளமாகக் கேட்கலாம்.

## எங்கே பிழை என்று எப்படித் தெரியும்

பதில் வராவிட்டால் எங்கே சிக்கல் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கிட்ஹப்பில் உங்கள் களஞ்சியத்துக்குள் `Insights`, அதற்குள் `Traffic` என்று போனால் கடைசி 14 நாளில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும். பத்து மின்னஞ்சல் அனுப்பியும் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை என்றால், லிங்க் வரை ஆள் வரவில்லை. தலைப்பையும் முதல் இரண்டு வரியையும் மாற்றிப் பாருங்கள். பார்த்திருக்கிறார்கள், ஆனால் பதில் இல்லை என்றால், களஞ்சியத்துக்குள் விளக்கம் போதவில்லை, அல்லது பங்கு தெளிவில்லை. நேர்முகத்துக்குக் கூப்பிட்டு அதோடு நின்றால், மின்னஞ்சல் உங்களை விடப் பெரிதாகப் பேசியிருக்கிறது.

பதினெட்டு மின்னஞ்சலையும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். ஐந்தாறு அனுப்பி, ஒரு வாரம் பொறுத்து, அதே மின்னஞ்சலின் கீழ் இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டி, என்ன நடக்கிறது என்று பார்த்து அடுத்த ஐந்தை மாற்றலாம்.

அவள் ஆறு இடத்துக்கு அனுப்பினாள். ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. நேர்முகம் காணொளியில், சிக்னலுக்காக வவுனியாவில் தோழியின் அறையில் இருந்து கதைத்தாளாம். முடிந்ததும் எனக்கு எடுத்தாள்.

"அண்ணா, பாடத்திலை ஒண்டும் கேக்கேல்லை. அந்த ஐசி விஷயத்தைத்தான் அரை மணித்தியாலம் கேட்டவை. கொப்பியிலை இலக்கத்தையே ஒருத்தர் பிழையா எழுதியிருந்தா உங்கடை நிரல் என்ன செய்யும் எண்டு."

"நீர் என்ன சொன்னனீர்?"

"அது கண்டுபிடிக்காது எண்டன். அப்பிடி ரெண்டு பேர் இருந்தவை, தலைவர் சைக்கிளிலை போய் அவையின்ரை அட்டையைப் பாத்துக்கொண்டு வந்தவர் எண்டும் சொன்னனான். சிரிச்சவை."

திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.